போர்ட் செய்யும் முன் சோதனை சிம்: பின்னறையில் ரேஞ்ச் நிற்குமா என்று பார்க்கும் முறை

எடுத்துக்கொண்ட வீடு நாகர்கோவில் வடசேரிப் பக்கம் நான்கு மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி ஃபிளாட். பால்கனி தெருவைப் பார்த்திருக்கிறது. பின் படுக்கையறையின் ஒரே ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர், நடுவில் ஆறடிச் சந்து. ஏற்கெனவே இருந்த சிம்மில் பால்கனியில் நாலு கட்டை தெரியும். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டால், கூப்பிடுபவர்களுக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்ற குரல்தான் கேட்கும்.

இந்த நிலையில் எல்லோரும் செய்வது, பக்கத்து வீட்டுக்காரரிடம் எந்த சிம் நன்றாக எடுக்கிறது என்று கேட்டு, எண்ணை மாற்றாமல் அந்த நிறுவனத்துக்கு உடனே போர்ட் போடுவது. அவர் வீடு அதே மாடியில் எதிர்ப்பக்கம் இருந்தால்கூட அந்தப் பதில் உதவாது. டவர் எந்தத் திசையில் இருக்கிறது, இடையில் எத்தனை சுவர் என்பதுதான் கணக்கு. அவசரப்பட்டு மாறிவிட்டால் மறுபடி மாற 90 நாள் காத்திருக்க வேண்டும். அதைவிட, மாற நினைக்கும் நிறுவனத்தின் ஒரு புது எண் சிம்மும் ஒரு மாத ரீசார்ஜும் வாங்கிச் சோதிப்பது மலிவு.

சிம் வாங்கும்போது கடையில் 'புது நம்பர்' என்று அழுத்திச் சொல்ல வேண்டும். போர்ட்டுக்கு ஆள் பிடிக்கும் இடங்களில், பழைய எண்ணை மாற்றத் தேவைப்படும் யுபிசி குறியீட்டைக் கேட்பார்கள். அதைக் கொடுத்தால் சோதனைக்கு முன்பே பழைய எண் அந்த நிறுவனத்துக்கு மாறத் தொடங்கிவிடும். டேட்டாவும் அழைப்பும் சேர்ந்த மிகச் சிறிய பேக் போதும், ஆனால் 28 நாளாவது இருக்கட்டும். ஒரு வாரத்தில் மாலை நெரிசலையும் மின்வாரியத்தின் பராமரிப்பு நாளையும் சேர்த்துப் பார்க்க முடியாது.

சிம்மை யாருடைய பழைய போனிலோ போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. நாளைக்கு எந்த போனில் அந்த எண் இருக்கப் போகிறதோ அதிலேயே இரண்டாவது ஸ்லாட்டில் போட வேண்டும். டவர் அனுப்பும் அலைவரிசைகளில் சில, போனிலேயே இல்லாமல் இருக்கலாம். பிஎஸ்என்எல் 4ஜி வரும் 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28, பல பழைய போன்களில் கிடையாது. அந்த போனுக்கு அந்த டவர் இருந்தும் இல்லாததுதான். அடுத்து மூன்று விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும். மொபைல் டேட்டாவைச் சோதனை சிம்முக்கு மாற்றுங்கள். 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வோல்ட்இ ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை காலிங்கை அணைத்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டால் மொத்த சோதனையும் வீண். வீட்டு வைஃபை வழியாகப் போகும் அழைப்பைக் கேட்டுவிட்டு 'சிம் சூப்பர்' என்று முடிவு செய்துவிடுவோம். ஃபைபர் அறுந்த அன்றுதான் உண்மை தெரியும்.

கட்டைகளை நம்ப வேண்டாம். எத்தனை dBm சிக்னல் வலிமைக்கு எத்தனை கட்டை என்பதை போன் தயாரிப்பவர் தன் விருப்பப்படி வைக்கிறார். அளவை எண்ணாகப் பார்க்க, ஆண்ட்ராய்டில் டயலரில் இதைப் போட்டால் பல போன்களில் Phone information திரை வரும்:

```
*#*#4636#*#*
```

சாம்சங் போன்களில் இது திறக்காவிட்டால் About phone பகுதியில் SIM card status என்ற இடத்தில் Signal strength இருக்கும். NetMonster போன்ற செயலி இருந்தால் RSRP என்ற சிக்னல் வலிமை அளவுடன் எந்த பேண்ட் என்பதும் தெரியும். அதற்கு லொகேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். RSRP மைனஸ் 95-க்கு மேல், அதாவது பூஜ்ஜியத்தின் பக்கம், இருந்தால் கவலையில்லை. மைனஸ் 105 வரை சமாளிக்கலாம். மைனஸ் 110-ஐத் தாண்டினால் கதவு சாத்தும்போதும் ஆள் குறுக்கே நிற்கும்போதும் ஆட்டம் காணும். மைனஸ் 118 என்றால் அழைப்பு நிற்பது அதிர்ஷ்டம்.

அளக்கும்போது போனைக் கையில் பிடிக்காமல் மர ஸ்டூலிலோ கட்டிலிலோ வையுங்கள். இரண்டு நிமிடம் விட்டு, அளவு அதிக நேரம் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உடம்பு மறைப்பதிலேயே ஐந்தாறு dBm போய்விடும். இரண்டு சிம்களுக்கும் வித்தியாசம் அந்த அளவுக்குள் இருந்தால் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரும்பு பீரோவை ஒட்டி வைப்பதும் ஒரு பழைய தவறு.

இந்த வீட்டில் பழைய சிம் பால்கனியில் மைனஸ் 91, ஹாலில் மைனஸ் 102, பின்னறையில் மைனஸ் 117 காட்டியது. எல்லா இடத்திலும் 1800-இன் பேண்ட் 3. சோதனை சிம் பால்கனியில் மைனஸ் 79, ஹாலில் மைனஸ் 96, இரண்டுமே 2300-இன் பேண்ட் 40. பின்னறைக்குள் போனதும் மைனஸ் 113 ஆகிவிட்டது. இங்கேயே மூடி வைத்திருந்தால் 'இதுவும் அதே கதை' என்று தோன்றியிருக்கும். அரை நிமிடம் போனை அசைக்காமல் வைத்ததும் அது பேண்ட் 5-க்கு, அதாவது 850-க்கு இறங்கி மைனஸ் 103-இல் நின்றது. 2300 அலை கான்கிரீட் சுவரில் நிறைய இழக்கும், 850 அவ்வளவு இழக்காது. ஆக உள்ளறையில் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது, அந்த டவரில் கீழ் அலைவரிசை இருக்கிறதா என்பதே. பால்கனியில் மின்னும் 5ஜி சின்னத்துக்கு இதில் பங்கு இல்லை. 5ஜி பெரும்பாலும் வரும் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டை இரண்டு சுவர் தாண்டும்போதே தளர்ந்துவிடும்.

எண்ணைக் குறித்த பிறகு அழைப்புச் சோதனை. முதலில் உள்வரும் அழைப்பு. போனைப் பின்னறையில் திரை அணைத்து இருபது நிமிடம் சும்மா விட்டு, வேறொரு நிறுவன எண்ணிலிருந்து கூப்பிட வேண்டும். கையில் இருக்கும்போது போன் விழிப்பாக இருக்கும். சும்மா கிடக்கும்போது இடைவெளி விட்டுத்தான் டவரைக் கேட்கும், அழைப்பு தவறுவது அப்போதுதான். அந்த நேரத்தில் இன்னொரு சிம்மில் யாரும் பேசக் கூடாது. இரட்டை சிம் போனில் பெரும்பாலும் ஒன்றில் பேசும்போது மற்றது எடுக்காது, அதை சிக்னல் குறை என்று எழுதிவிடுவோம். இப்படிப் பத்து முறையில் ஒன்று தவறினால் வேறு நேரத்தில் மீண்டும் பாருங்கள்; இரண்டு தவறினால் அந்த சிம் வேண்டாம் என்பதே எங்கள் அளவுகோல். இந்த வீட்டில் பத்தும் அடித்தன.

அடுத்தது நடக்கும் சோதனை. பால்கனியில் பேச்சைத் தொடங்கி, ஹால் வழியே பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, அங்கே ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேண்ட் 40-இலிருந்து பேண்ட் 5-க்கு அழைப்பு கைமாறும் இடம் இதுதான். வேகமாக நடந்து கதவைச் சட்டென்று சாத்தினால் போன் புதிய பேண்டை அளப்பதற்குள் பழையது செத்துவிடும். இங்கே இரண்டு நொடி மௌனம் விழுந்தது, ஆனால் அறுபடவில்லை. எதிர்முனையில் இருப்பவரிடமும் கேளுங்கள். நமக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டு, அவருக்கு நம் குரல் உடைந்தால் பழுது போனிலிருந்து டவருக்கு மேல்நோக்கிப் போகும் பாதையில். டவர் பல வாட்டில் அனுப்புகிறது, போனுக்கு இருப்பது சுமார் 0.2 வாட். அந்தச் சமயத்தில் போன் சூடாவதும் பேட்டரி வேகமாக இறங்குவதும் அதன் அடையாளம்.

இரவு எட்டு முதல் பத்து வரை வேகம் பார்த்தபோது ஹாலில் குறை இல்லை. பின்னறையில் ஒன்றரை எம்பிபிஎஸ்தான் வந்தது, வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு திக்கியது. சாதாரண அழைப்போ சுத்தமாகப் போனது. இது முரண் இல்லை. கீழ் பேண்டில் பெரும்பாலும் 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ் அகலமே கிடைக்கும், உள்ளறை ஆட்கள் எல்லோரும் அதில்தான் நெருக்கியடிப்பார்கள். வோல்ட்இ குரலுக்கு டவர் தனி முன்னுரிமை தருகிறது. வாட்ஸ்அப் அழைப்பு மற்ற டேட்டாவோடு வரிசையில் நிற்க வேண்டும். அதனால் வாட்ஸ்அப்பில் மட்டும் பேசிப் பார்த்து சிம்மைக் கழிப்பதும் சரியல்ல, சாதாரண அழைப்பை மட்டும் பார்த்து மெச்சுவதும் சரியல்ல. கோட்டாறு பக்கம் இருப்பவர்கள் சவேரியார் கோயில் திருவிழா நாட்களில், அதாவது நவம்பர் கடைசி முதல் டிசம்பர் 3 வரை, வேகத்தை அளக்க வேண்டாம். அது கூட்டத்தின் அளவு, வீட்டின் அளவு அல்ல.

பலரும் விட்டுவிடும் சோதனை மின்தடை நாள். துணை மின்நிலையப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் போகும் அறிவிப்பு முன்கூட்டியே வரும். அன்று தடை தொடங்கி மூன்று மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். டவரின் பேட்டரி தாங்குகிறதா என்பது அப்போது தெரியும். இந்த வீட்டில் பேண்ட் 40 மறைந்து பால்கனியிலேயே போன் பேண்ட் 5-இல் நின்றது. அழைப்பு வந்தது, டேட்டா ஒரு எம்பிபிஎஸ்-க்கும் கீழ். வீட்டு வைஃபைகள் அணைந்து தெருவே மொபைல் டேட்டாவுக்கு வந்துவிடும் நேரம் அது. நம் மாவட்டத்தில் மழைக்காலம் இரண்டு. 2017 ஒக்கியைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனை ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

களியக்காவிளைப் பக்கம் எல்லையை ஒட்டிய வீடுகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு: உள்ளறையில் போன் கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்தின் டவரைப் பிடிக்கலாம். டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் கட்டை இருந்தும் நெட் இல்லாமல் போகலாம். அதை ஆன் செய்துவிட்டுப் பிறகு தீர்ப்பு சொல்லுங்கள்.

இந்த வீட்டுக்கு முடிவு: அழைப்புக்காக மாறலாம், பின்னறை டேட்டாவுக்கு வைஃபையே கதி. போர்ட் செய்து பல மாதம் கழிந்தும் பின்னறை அளவு மூன்று நாலு dBm-க்குள்தான் ஆடுகிறது. மாறியது ஹாலின் இரவு வேகம், பாதியாகிவிட்டது. டவரும் சுவரும் அதே இடத்தில் இருக்கும்வரை ரேஞ்ச் மாறாது, ஆனால் அதே டவரில் சேரும் ஆட்கள் கூடிக்கொண்டே போவார்கள். ஆகவே சோதனை சிம் காட்டும் வேகத்தை அந்த மாதத்துக்கான வேகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் போட, பழைய எண்ணிலிருந்து 1900-க்கு இப்படி ஒரு எஸ்எம்எஸ்:

```
PORT <10 இலக்க எண்>
```

வரும் எட்டு எழுத்து யுபிசி குறியீடு நம் வட்டத்தில் 4 நாள் செல்லும். சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தால் 7 நாள் கழியும்வரை குறியீடு வராது. இது 2024 ஜூலை முதல் உள்ள விதி. போஸ்ட்பெய்டில் பாக்கி இருந்தாலும் நிராகரிப்பார்கள். ஒரே வட்டத்துக்குள் 3 வேலை நாளில் மாறும், மாறும்போது சில மணி நேரம் எண் செத்துக் கிடக்கும். அன்று வங்கி ஓடிபி வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சோதனை சிம்மை அதுவரை போனிலேயே விட்டுவைத்தால் கூப்பிட ஒரு எண் இருக்கும்.

சோதனை எண்ணை வங்கியிலோ வாட்ஸ்அப்பிலோ பதிய வேண்டாம். பயன்பாடு இல்லாத எண் முடக்கப்பட்டு, பிறகு வேறொருவர் கைக்குப் போகும். ஒருவர் பெயரில் 9 சிம்தான் இருக்கலாம் என்பதால், வேலை முடிந்ததும் sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் பெயரில் உள்ள எண்களைப் பார்த்து, அதைத் தேவையில்லை என்று குறித்துவிடுங்கள்.