மாவுக்கு அரைக்கால் மூட்டை: பி மதிப்பை நம்புவதா, விளைவு அளவை நம்புவதா?

சம்பா அறுவடை முடிந்து இரண்டு ஆய்வு முடிவுகள் கைக்கு வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. டெல்டா வயல்களில் நடக்கக்கூடிய அளவிலேயே போட்டிருக்கிறேன்.

முதலாவது, இலையில் தெளிக்கிற ஒரு பயிர் ஊக்கி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தெளித்த வயல் 5,000, தெளிக்காத வயல் 5,000. தெளிக்காததில் ஏக்கருக்குச் சராசரி 2,000 கிலோ நெல், தெளித்ததில் 2,025. இரண்டாவது, ஒரே ஊரில் நடந்த ரக ஒப்பீடு. புது ரகம் 10 வயலில், சி.ஆர். 1009 இன்னொரு 10 வயலில். புது ரகம் ஏக்கருக்கு 280 கிலோ கூடுதல். வயலுக்கு வயல் விளைச்சல் மாறும் அளவு, அதாவது திட்ட விலக்கம், எல்லாக் குழுவிலும் 400 கிலோ. கீழே கடைசி வரியில் வரும் நம்பக இடைவெளி, உண்மையான கூடுதல் எங்கிருந்து எங்கே வரை இருக்கலாம் என்கிற வரம்பு.

| | பயிர் ஊக்கி | புது ரகம் |
|---|---|---|
| ஒரு குழுவில் வயல்கள் | 5,000 | 10 |
| ஏக்கருக்குக் கூடுதல் | 25 கிலோ | 280 கிலோ |
| பி மதிப்பு | 0.002 | 0.14 |
| கோஹெனின் டி | 0.06 | 0.70 |
| 95% நம்பக இடைவெளி | 9 முதல் 41 கிலோ வரை | −96 முதல் 656 கிலோ வரை |

பி மதிப்பை மட்டும் பார்த்தால் ஊக்கிக்கு முதலிடம். புது ரகம் தேறவில்லை. டி மதிப்பை மட்டும் பார்த்தால் வரிசை அப்படியே தலைகீழ். கணக்கில் யாரும் பிசகவில்லை. இரண்டு எண்களும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன, அவ்வளவுதான்.

பி மதிப்பு என்ன கேட்கிறது

உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாகக் கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு? பி மதிப்பு கேட்பது இது ஒன்றைத்தான். இந்த வழக்கமே வயலில் வளர்ந்ததுதான். புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1919இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1925இல் வந்த அவருடைய புத்தகம்தான் பி 0.05க்குக் கீழே வந்தால் தேறியது என்கிற கோட்டைப் பரப்பியது. சில பாத்திகளை வைத்துக்கொண்டு, கிடைத்த வித்தியாசம் மண்ணின் ஏற்ற இறக்கத்தால் வந்ததா என்று பார்க்க அது நல்ல சல்லடை. பாத்தி ஆயிரக்கணக்கில் பெருகும்போதுதான் சிக்கல்.

இரண்டு குழுவும் சம அளவில் இருந்தால், கோஹெனின் டியை, அதாவது வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்த d எண்ணை, ஒரு குழுவின் வயல் எண்ணிக்கையில் பாதியின் வர்க்கமூலத்தால் பெருக்கினால், பி மதிப்பைத் தருகிற t சோதனையின் மதிப்பு வந்துவிடும். ஆர் மென்பொருளில் மூன்றே வரி:

```r
n <- 5000; d <- 25/400
t <- d * sqrt(n/2)
2 * pt(-t, df = 2*n - 2)
```

விடை சுமார் 0.0018. இப்போது `n` மதிப்பை மட்டும் மாற்றிப் பாருங்கள். குழுவுக்கு 500 வயல் என்றால் பி சுமார் 0.32. 2,000 வயல் என்றால் 0.048, அதாவது கோட்டைத் தாண்டியாயிற்று. 20,000 வயல் என்றால் தசமப் புள்ளிக்குப் பின் ஒன்பது சுழியம். ஊக்கி மாறவில்லை, 25 கிலோ மாறவில்லை. வயல் எண்ணிக்கை கூடியதற்கே இவ்வளவு மாற்றம். ஆகவே பி மதிப்பு சிறியது என்றால் விளைவு பெரியது என்று படிக்கக் கூடாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையும் இதை நேரடியாகவே சொன்னது: பி மதிப்பு விளைவின் அளவையோ முடிவின் முக்கியத்துவத்தையோ அளப்பதில்லை.

இதைவிடத் தொந்தரவான ஒன்று உண்டு. மாதிரி இவ்வளவு பெரிதாகிவிட்டால், உண்மையான சிறு விளைவை மட்டுமல்ல, அளப்பதில் நேர்ந்த சிறு கோணலையும் பி மதிப்பு பிடித்துக் காட்டிவிடும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம்தான் வழக்கமான வரம்பு. 18 சதவீத ஈரத்தில் இருக்கிற 2,000 கிலோ நெல்லைக் களத்தில் காயவைத்து 17க்குக் கொண்டுவந்தால் எடை 24 கிலோ குறையும். அதாவது ஊக்கி தந்ததாகச் சொல்கிற 25 கிலோவும், ஒரே ஒரு சதவீத ஈரப்பத வேறுபாடும் கிட்டத்தட்ட ஒன்று. தெளித்த வயலின் நெல்லை அறுத்த அன்றே எடை போட்டு, மற்றதை ஒருநாள் காயவிட்டுப் போட்டிருந்தால்கூட இதே 0.002 வந்திருக்கும். 10,000 வயலின் எடையை ஒரே ஈரப்பதத்துக்குத் திருத்தினார்களா என்று கேட்காமல் அந்த எண்ணை நான் பொருட்படுத்த மாட்டேன். தற்செயலைத்தான் பி மதிப்பு விலக்கும். கோணலான தராசை விலக்காது.

டி மதிப்பு என்ன கேட்கிறது

சராசரிகளின் வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் கோஹெனின் டி. வயலுக்கு வயல் இயல்பாகவே இருக்கிற ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் எவ்வளவு என்பது அதன் கேள்வி. 25ஐ 400ஆல் வகுத்தால் 0.06. விளைச்சல் ஓரளவு மணி வளைவில் பரவியிருந்தால் இதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாற்றிச் சொல்லலாம்: தெளித்த வயல் ஒன்று, தெளிக்காத வயல் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், தெளித்தது ஜெயிப்பது நூற்றுக்கு 52 தடவை. நாணயம் சுண்டிப் போட்டாலே 50. புது ரகத்தின் 0.70 அதே கணக்கில் நூற்றுக்கு 69.

0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்கிற அளவுகோலை ஜேக்கப் கோஹென் நடத்தை அறிவியலுக்காகத் தந்தார், அதுவும் தயக்கத்தோடு. வேறு ஆதாரம் இல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள் என்றார். நம்மூர் ஆய்வேடுகளில் அது சட்டம்போல நடக்கிறது. நெல்லுக்கும் 0.5, பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் 0.5.

டி மதிப்புக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது: வகுக்கும் எண்ணைப் பிடித்துக்கொண்டு அது ஆடும். ஏக்கருக்கு 200 கிலோ உண்மையிலேயே கூடுகிறது என்று வையுங்கள். ஆராய்ச்சிப் பண்ணையின் சமமான பாத்திகளில் திட்ட விலக்கம் 150 கிலோவாக இருந்தால் டி 1.33. கடைமடையில், ஒரு வயலுக்குத் தண்ணீர் எட்டி அடுத்த வயலுக்கு எட்டாத இடத்தில், விலக்கம் 500 என்றால் டி 0.40. விவசாயி வீட்டுக்கு வரும் நெல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இன்னொரு இடம் இன்னும் மோசம். ஒரே வயலைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் தெளித்து மறு பாதியை விட்டிருந்தால், சிலர் வயல்களின் விலக்கத்தால் வகுக்காமல் பாதிக்குப் பாதி வந்த வித்தியாசத்தின் விலக்கத்தால் வகுத்துவிடுவார்கள். இரு பாதிகளின் விளைச்சலும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு, அதாவது ஒட்டுறவு, 0.92 என்றால் அந்த விலக்கம் 400 அல்ல, 160. அதே 25 கிலோ 0.06இலிருந்து 0.16 ஆகிவிடும். சோதனைக்கு அந்த 160தான் சரி; ஆனால் தனித்தனி வயல்களில் நடந்த ஆய்வோடு இந்த டியை ஒப்பிடக் கூடாது. ஒரு கட்டுரையில் டி மதிப்பைப் பார்த்தவுடன் எதனால் வகுத்தார்கள் என்று தேடுங்கள். சொல்லவில்லை என்றால், வித்தியாசத்தையும் இரு குழுவின் திட்ட விலக்கத்தையும் அட்டவணையிலிருந்து எடுத்து நீங்களே வகுத்துவிடலாம்.

சிறு மாதிரியில் டி கொஞ்சம் உப்பியே வரும். ஹெட்ஜெஸ் திருத்தம் போட்டால் 0.70 என்பது 0.67 ஆகும். அதைவிட முக்கியம், பத்துப் பத்து வயலில் கிடைத்த அந்த 0.70இன் நம்பக இடைவெளி சுமார் −0.2இலிருந்து 1.6 வரை போகிறது. இடைவெளி இல்லாமல் டி மதிப்பை மட்டும் நீட்டினால் அதுவும் பி மதிப்பைப் போலவே ஏமாற்றும்.

கிலோவிலேயே சொன்னால் என்ன

டெல்டாவில் ஒரு பெரியவரிடம் இந்த ஊக்கியைக் கொண்டுபோனால் அவர் கேட்பது ஒன்றுதான்: "மாவுக்கு எத்தனை மூட்டை கூடும் தம்பி?" மூன்று மா ஒரு ஏக்கர், 25 கிலோ என்பது மாவுக்கு எட்டு கிலோ. 60 கிலோ மூட்டையில் அரைக்கால் மூட்டை. நெல்லைப் பொறுத்தவரை என் ஓட்டு இதற்குத்தான்: மூல அலகில் வித்தியாசம், பக்கத்திலேயே அதன் நம்பக இடைவெளி. காரணம், இதில்தான் செலவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். மருந்து 700 ரூபாய், தெளிப்புக் கூலி 400, ஆக ஏக்கருக்கு 1,100. நெல் கிலோ 24 ரூபாய் என்றால் போட்டது திரும்ப 46 கிலோ கூட வேண்டும். ஊக்கியின் இடைவெளி 9இல் தொடங்கி 41இல் முடிகிறது. அதன் மேல்நுனிகூட 46ஐத் தொடவில்லை. ஆக, இந்த ஊக்கிக்கு ஏதோ விளைவு இருக்கிறது, அது கட்டுப்படியாகாத விளைவு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 0.002 பாதியைத்தான் சொன்னது.

அலகுக்கே அர்த்தமில்லாத இடங்களில் கதை வேறு. பூச்சிமருந்து பாதுகாப்பு பற்றி விவசாயிகளிடம் 20 கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டால், 1.5 மதிப்பெண் கூடியது என்பதை வைத்து யாரும் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. வேறொருவர் 50 கேள்வி கேட்டிருப்பார். அங்கே டி இல்லாமல் இரண்டையும் பக்கத்தில் வைக்கவே முடியாது. பல ஆய்வுகளைத் தொகுப்பவர்களுக்கும் அதுதான் ஆதாரம்.

சிறிய விளைவு அளவு என்றாலே அற்பம் என்று தள்ளிவிடுவதும் தப்பு. அமெரிக்க மருத்துவர்களையே வைத்து நடந்த ஆஸ்பிரின் ஆய்வின் முடிவு 1988இல் வந்தது. ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 104 பேருக்கு மாரடைப்பு, வெற்று மாத்திரை எடுத்த 11,034 பேரில் 189 பேருக்கு. ஒட்டுறவாகச் சொன்னால் 0.034தான், கோஹென் அளவுகோலில் சிறியதுக்கும் கீழே. ஆனால் 85 மாரடைப்பு குறைவு, மாத்திரையோ மலிவு. பக்கவிளைவை எடைபோட்டாக வேண்டும் என்பது வேறு. எண் சின்னது என்பதற்காக மட்டும் அதைத் தூக்கிப் போட முடியாது. ஊக்கியின் 0.06ஐ நான் ஒதுக்கியதும் 0.2க்குக் கீழே இருக்கிறது என்பதற்காக அல்ல. 46 கிலோவை எட்டவில்லை என்பதற்காக. அந்த 46ஐத் தெளிப்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும், அறுவடைக்குப் பிறகு அல்ல.

புது ரகத்துக்கு வருவோம். −96இலிருந்து 656 வரை நீள்கிற இடைவெளி, பயனில்லை என்று சொல்லவில்லை. இன்னும் தெரியவில்லை என்கிறது. பி 0.14 என்று பார்த்துவிட்டு "வித்தியாசம் இல்லை" என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கிற பிழை. உண்மையான டி 0.7 ஆகவே இருந்தாலும், பத்துப் பத்து வயலை வைத்து அதைப் பிடிக்கிற வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். ஒரு குழுவுக்கு எத்தனை வயல் வேண்டும் என்பதற்குக் குத்துமதிப்பான சூத்திரம்: 16ஐ டியின் வர்க்கத்தால் வகுங்கள். 16 / 0.49 என்றால் சுமார் 33. குழுவுக்கு 34 வயல் வைத்தால் பிடிபடும் வாய்ப்பு ஐந்தில் நாலு. அடுத்த சம்பாவுக்கு விதைநெல் ஒதுக்கும்போது 68 வயலுக்கு ஆள் பிடித்தால் போதும். ஒரே ஊரில் அல்ல, தலைமடையிலும் கடைமடையிலும் பிரித்து. எல்லா நெல்லையும் ஒரே ஈரப்பதத்துக்குத் திருத்தி எடை போட்டு.