இருமொழி அகராதியா, ஆங்கில அகராதியா? ரங்கூன் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எது எப்போது

ரங்கூன் பன்சோடான் தெருப் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் அகராதி தேடும் அப்பாக்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "தம்பி, பிள்ளை ஒன்பதாவது போறான். இனிமே இங்கிலீஷ்-இங்கிலீஷ்தானே நல்லது?" இருமொழி அகராதி சின்னப் பிள்ளைகளுக்கு, ஆங்கிலம் மட்டும் உள்ளது பெரியவர்களுக்கு என்று ஒரு எண்ணம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. டியூஷன் ஆசிரியர்கள் பலரும் அதையே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த வகுப்பு என்பதை விட, அந்தச் சொல்லை வைத்து இப்போது என்ன செய்யப் போகிறான் என்பதுதான் முக்கியம். படித்துப் புரிந்துகொள்ள ஒன்று உதவும். எழுத உட்காரும்போது இன்னொன்று வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருமொழி என்றால் எந்த இரண்டு மொழி? வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வது கோயில் வகுப்பிலும் வீட்டிலும்தான். அதனால் தமிழில் சரளமாகப் பேசும் பிள்ளை, அச்சில் வரும் தமிழில் தடுமாறும். ஆங்கில-தமிழ் அகராதி ஒரு சொல்லுக்குக் கொடுக்கும் தமிழே அவனுக்குப் புதுச் சொல்லாக இருந்தால், அவன் ஒரு பூட்டைத் திறக்க இன்னொரு பூட்டை வாங்கியிருக்கிறான்.

சுலபமானதை முதலில் பார்த்துவிடலாம். காய்கறி, பறவை, நோய், கருவி மாதிரி கண்ணால் பார்க்கிற பொருள்களுக்கு இருமொழி அகராதிக்கு ஈடில்லை. 'ஆபர்ஜின்' என்று பாடத்தில் வந்தால், ஆங்கில அகராதி 'பளபளப்பான ஊதாத் தோல் உள்ள ஒரு காய்' என்று ஒரு வரி எழுதும். அதைப் படித்துவிட்டு ஊதா முட்டைக்கோஸை நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. 'கத்தரிக்காய்' என்றோ, பர்மியத்தில் 'கயாந்தீ' என்றோ ஒரே சொல் கொடுத்தால் வேலை முடிந்தது. இங்கே ஆங்கில விளக்கத்தைப் படிப்பது வீண் உழைப்பு.

ஆனால் இதே விதியைப் பாடநூல் கலைச்சொல்லுக்குப் பொருத்தக் கூடாது. உயர்நிலை வகுப்புகளின் விஞ்ஞானப் பாடநூல்கள் ஆங்கிலத்தில் வரும் ஊர் இது. 'ஆஸ்மோசிஸ்' என்பதற்கு ஆங்கில-தமிழ் அகராதி 'சவ்வூடு பரவல்' என்று கொடுக்கும். தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு அது உடனே புரியும். நம் பிள்ளை அந்தப் பாடத்தைத் தமிழில் படித்ததே இல்லை. 'சவ்வு' என்றால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். 'நீர் ஒரு மெல்லிய படலத்தின் வழியே மெதுவாகக் கடந்து போவது' என்று எளிய ஆங்கிலத்தில் விளக்கும் அகராதிதான் இவனுக்கு நெருக்கம்.

அடுத்தது, நான் மிகவும் ரசிக்கும் ஒரு ஜோடி. 'பாரோ', 'லெண்ட்' இரண்டையும் பர்மியப் பள்ளிப் பிள்ளைகள் தொடர்ந்து மாற்றி எழுதுகிறார்கள். காரணம் பிள்ளையின் கவனக்குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. பர்மியத்தில் 'சே', 'ஙா' என்று இரண்டு சொற்கள் உண்டு. பணம், அரிசி மாதிரி செலவழித்துவிட்டு அதே மதிப்புக்குத் திருப்பிக் கொடுப்பது 'சே'. புத்தகம், குடை மாதிரி வாங்கிய பொருளையே திருப்பிக் கொடுப்பது 'ஙா'. யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்பதை அந்தச் சொற்கள் சொல்லாது. 'பே' என்ற துணைச்சொல்லோ, வாக்கியத்தின் மற்ற பகுதியோதான் அதைக் காட்டும். ஆங்கிலம் இதற்கு நேர் எதிர். அங்கே பொருள் பணமா புத்தகமா என்பது கணக்கில்லை. வாங்கினால் 'பாரோ', கொடுத்தால் 'லெண்ட்'.

அதனால் ஆங்கில-பர்மிய அகராதியில் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் ஒரே பர்மியச் சொற்கள் வந்து நிற்கும். மாணவன் இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டுவான். அவன் மேல் தப்பில்லை. இதே பிள்ளைக்கு ஆங்கில-தமிழ் அகராதியைக் கொடுத்துப் பாருங்கள். தமிழில் இரண்டு வேறுபாடும் இருக்கிறது: கடன், இரவல் என்று பொருளைப் பிரிப்போம், வாங்கு, கொடு என்று திசையையும் பிரிப்போம். 'கடன் வாங்கு, இரவல் வாங்கு' என்று ஒரு பக்கம், 'கடன் கொடு, இரவல் கொடு' என்று மறுபக்கம் பார்த்ததும் குழப்பம் தீர்ந்துவிடும். இந்தத் தமிழ் கோயில் வகுப்புக்கே போகாத பிள்ளைக்கும் தெரிந்த வீட்டுத் தமிழ். ஆக, இந்த ஜோடிக்கு ஆங்கில-பர்மியம் தோற்கிறது, ஆங்கில-தமிழ் ஜெயிக்கிறது.

ஆங்கில அகராதியும் இங்கே கைகொடுக்கும். 'பாரோ' என்ற இடத்தில் 'ஃப்ரம்' என்றும், 'லெண்ட்' என்ற இடத்தில் 'டு' என்றும் போட்டுக் காட்டும். ஆனால் அது இரண்டாவது படி. திசை தெளியாத பிள்ளைக்கு 'ஃப்ரம்' என்ற குறிப்பு கண்ணில் படாது.

எழுதும்போதுதான் ஆங்கில அகராதியின் உண்மையான பலம் தெரியும். ஒரு மாணவி கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் எழுத நினைத்தாள்: 'வேண்டாம் என்று சொல்லியும் அம்மா என்னை வற்புறுத்திச் சாப்பிட வைத்தார்.' வற்புறுத்து என்பதற்கு ஆங்கிலம் தெரியவில்லை. ஆங்கில அகராதியை எத்தனை முறை புரட்டினாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. தெரியாத சொல்லை எந்த எழுத்தில் தேடுவது? ஆகவே முதல் படி தமிழ்-ஆங்கில அகராதி. அங்கே 'இன்சிஸ்ட், ஃபோர்ஸ், அர்ஜ், கம்பெல்' என்ற மாதிரி நாலைந்து சொல் வரிசையாக வரும். எல்லாம் ஒன்றுதான் என்கிற தோற்றத்தில், கமா போட்டு.

அவள் முதலில் இருந்ததை எடுத்தாள். 'மை மதர் இன்சிஸ்டட் மீ டு ஈட்' என்று எழுதினாள். 'என்னை' வற்புறுத்தினார் என்றால் 'மீ' வரத்தானே வேண்டும்? தமிழ்க் கணக்குப்படி சரி. இருமொழி அகராதி இதைத் தடுக்காது, ஏனென்றால் பெரும்பாலும் அது பொருளை மட்டும் தரும், அந்தச் சொல் தன் பின்னால் எதை ஏற்கும் என்பதைச் சொல்லாது.

இப்போது இரண்டாவது படி. அந்த நாலு சொல்லையும் மாணவர்களுக்கான ஆங்கில அகராதியில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 'இன்சிஸ்ட்' என்ற இடத்தில் தடித்த எழுத்தில் 'ஆன்' இருக்கும், அல்லது 'தட்' என்று தொடங்கும் வாக்கியம் இருக்கும். ஆளை நேரடியாகச் சேர்த்த எடுத்துக்காட்டு ஒன்றுகூட இருக்காது. அது இல்லாததே பதில். 'ஃபோர்ஸ்' ஆளை ஏற்கும், ஆனால் விளக்கத்தில் 'விருப்பத்துக்கு மாறாக' என்று இருக்கும். சோற்றை ஊட்டும் அம்மாவுக்கு அது கொஞ்சம் கடுமை. 'கம்பெல்' சட்டம், சூழ்நிலை போன்றவை கட்டாயப்படுத்துகிற எடுத்துக்காட்டுகளோடு வரும். 'அர்ஜ்' ஆளையும் ஏற்கும், 'டு'வையும் ஏற்கும், ஆனால் கேட்டுக்கொண்டார் என்பதோடு நின்றுவிடும். சாப்பிட்டாளா என்று சொல்லாது. கடைசியில் 'மை மதர் மேட் மீ ஈட்' என்பதே அவள் நினைத்ததற்குக் கிட்ட வந்தது. வற்புறுத்தல் என்ற அழுத்தம் வேண்டுமானால் 'இன்சிஸ்டட் தட் ஐ ஈட்' என்று எழுதலாம். இதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் இந்த நாலு சொல்லும் இனி அவளை ஏமாற்றாது.

இதில் தலைகீழாகப் போகிறவர்களும் உண்டு. கதைப் புத்தகம் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில அகராதியில் தேடி, அதன் விளக்கத்தில் வரும் சொல்லையும் தேடி, பத்தி முடியும் முன் கதை மறந்துபோய்விடும். படிக்கும்போது இருமொழி அகராதியைச் சட்டென்று பார்த்துவிட்டு மேலே போவதுதான் புத்திசாலித்தனம்.

சரி, ஆங்கில அகராதிக்குப் பிள்ளை தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில், எல்லா ஆங்கில அகராதியும் ஒன்றல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுதியதும் உண்டு, கற்பவர்களுக்கென்றே எழுதியதும் உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தன்னுடன் இருந்த ஆசிரியர்களோடு சேர்ந்து 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதிதான் பின்னால் ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதியானது. வினைச்சொல் எந்த அமைப்பில் வரும் என்று காட்டுவது அதன் தனிச்சிறப்பு. 1978இல் வந்த லாங்மேன் மாணவர் அகராதி சுமார் 2000 எளிய சொற்களை மட்டுமே வைத்து எல்லா விளக்கத்தையும் எழுதியது. ஆகவே சோதனை எளிது. பிள்ளைக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த சில சொற்களை எடுத்து அவற்றின் ஆங்கில விளக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தெரிந்த சொல்லின் விளக்கமே புரியவில்லை என்றால், தெரியாத சொல்லின் விளக்கம் எப்படிப் புரியும்? இன்னும் சிறிது காலம் இருமொழியோடு இருக்கட்டும்.

கடையில் புத்தகம் பார்க்கும்போது 'அட்வைஸ்' என்ற சொல்லைத் திறந்து பாருங்கள். தமிழில் அறிவுரைகள் என்று தாராளமாகப் பன்மை போடுகிறோம்; ஆங்கிலத்தில் அது கூடாது. அந்தச் சொல்லின் பக்கத்தில் எண்ண முடியாதது என்பதைக் காட்டும் 'யு' என்ற சிறு குறி இருந்தால் அது கற்பவர்களுக்கான அகராதி. வெறும் பெயர்ச்சொல் என்று மட்டும் இருந்தால், எவ்வளவு தடிமனாக இருந்தாலும், எழுதும் பிள்ளைக்கு அது உதவாது. அப்புறம் ஒன்று: மலிவான நகல் அச்சுப் புத்தகம் வாங்கினால் எழுத்தைக் கவனமாகப் பாருங்கள். இந்தச் சிறு குறிகளும் தடித்த எழுத்தும்தான் முதலில் மங்கும். அவை தெரியாத புத்தகத்தை எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.