பாஸ்வேர்டா, ஓடிபியா, லிங்க்கா: டிக்கெட் பக்கத்துக்கு எந்தச் சாவி?

சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு மாடியில் நாங்கள் நாலு பேர். ஜவ்வரிசி ஆலைகளுக்கும் கொலுசுப் பட்டறைகளுக்கும் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். புகார்களெல்லாம் நாலு பேரின் வாட்ஸப்பில் சிதறிக் கிடந்ததால், ஒவ்வொரு புகாரையும் ஒரு எண்ணோடு டிக்கெட்டாகப் பதிந்து பதில் சொல்லும் டிக்கெட் பக்கம் ஒன்று போட முடிவு செய்தோம். புகார் எழுதும் படிவம் அரை நாள் வேலை. எழுதியவர் பதிலைப் பார்க்க எப்படி உள்ளே வருவார் என்பதில்தான் ஒரு வாரம் போனது.

முதலில் பேசியது பாஸ்வேர்டு. பழைய டிக்கெட் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும், யார் எழுதினார் என்பதும் பதிவாகும். ஆனால் ஒரு ஆலைக் கணக்கருக்கு எங்கள் பக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தேவைப்படும். அதுவும் பில் அடிக்காமல் நிற்கும் நேரத்தில். அப்போது "பாஸ்வேர்டு மறந்துபோச்சுங்க" என்று போனில் கூப்பிட்டால், அந்த போனைத் தவிர்க்கத்தானே பக்கமே போட்டோம்? இன்னொன்று, ஒரே பாஸ்வேர்டைக் கால்குலேட்டருக்குக் கீழே நோட்டில் எழுதி வைத்து எல்லோரும் பயன்படுத்துவார்கள். யார் எழுதினார் என்கிற பதிவுக்கும் அதோடு அர்த்தம் போய்விடும்.

மொபைல் ஓடிபி பழகிய வழிதான். ஆனால் நம் நாட்டில் எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். வாசகம் மாறினால் செய்தி போகாது. அதைக்கூடச் செய்துவிடலாம். எங்களிடம் பதிவாகியிருக்கும் நம்பரோ முதலாளியுடையது. அவர் ஏற்காட்டுத் தோட்டத்தில் சிக்னல் இல்லாத சரிவில் நிற்பார். இங்கே கணக்கர், "அண்ணே, ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

மூன்றாவது, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு ரகசிய லிங்க். புகார் பதிவானதும் மெயிலில் போகும், அழுத்தினால் நேராக அந்த உரையாடல் திறக்கும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் எங்கள் முதல் வடிவம் ஆபத்தானது. முகவரி `/ticket/1042` என்று முடிந்தது. சோதனைக்காகப் பிரைவேட் விண்டோவில் 1043 என்று மாற்றினேன். வேறொரு கடையின் ஜிஎஸ்டி எண்ணும் விற்பனை ஸ்கிரீன்ஷாட்டும் வந்து நின்றன. பக்கம் போடும் யாரும் முதல் நாளே செய்து பார்க்க வேண்டிய சோதனை இது. டிக்கெட் எண் போனில் சொல்வதற்கு மட்டும் இருக்கட்டும். லிங்க்கில் ஊகிக்கவே முடியாத சரம் வேண்டும்:

```php
$token = bin2hex(random_bytes(16));
$hash  = hash('sha256', $token);
```

32 எழுத்துள்ள `$token` மெயிலுக்குப் போகும், டேட்டாபேஸில் `$hash` மட்டும் இருக்கும். டேட்டாபேஸின் பேக்கப் யார் கையிலாவது சிக்கினாலும் அதிலிருந்து லிங்க்கை உருவாக்க முடியாது. இணைத்த படங்களும் இதே சோதனையைத் தாண்டித்தான் திறக்க வேண்டும். பக்கத்தைப் பூட்டிவிட்டு `/uploads/` கோப்புறையைத் திறந்துபோட்டால் பயனில்லை. பக்கத்தோடு சர்வர் அனுப்பும் HTTP ஹெட்டரில் `Referrer-Policy: no-referrer` சேர்த்தோம். இல்லாவிட்டால் பதிலில் நாங்கள் தரும் வெளி இணைப்பை அவர் அழுத்தும்போது, சில பிரவுசர்களில் ரகசிய முகவரியும் கூடவே போகக்கூடும்.

அடுத்த அடி மெயிலிலிருந்து வந்தது. "பிரச்சினை தீர்ந்தது" என்று ஒரு லிங்க்கும் அதில் வைத்திருந்தோம். ஒரு வாடிக்கையாளரின் டிக்கெட்டுகள், நாங்கள் பதில் அனுப்பிய சில நொடிகளிலேயே மூடிக்கொண்டன. அவரோ மெயிலையே பார்க்கவில்லை என்றார். மெயிலைச் சோதிக்கும் பாதுகாப்பு மென்பொருள் உள்ளே இருக்கும் லிங்க்குகளைத் தானே திறந்து பார்க்கும். வாட்ஸப்பும் முன்னோட்டம் காட்ட அப்படித்தான் திறக்கிறது. ஆகவே லிங்க்கைத் திறந்தால் பக்கம் தெரிவதோடு சரி. மூடுவதற்குப் பக்கத்துக்குள் ஒரு பட்டன், அதுவும் `POST` வழியாக.

லிங்க்கை வாட்ஸப்பில் முதலாளிக்கு அனுப்பினால் அவரும் படிக்கலாம். இந்த ஊர்ப் பழக்கத்துக்கு அது வசதி. அதே காரணத்தால் லிங்க் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அந்த டிக்கெட் முழுதும் தெரியும். அதனால் ஒரு லிங்க் ஒரு டிக்கெட்டை மட்டுமே காட்டும். பழைய டிக்கெட்டுகளின் பட்டியல் வேண்டுமென்றால், பதிவான மெயிலுக்குப் பத்து நிமிடம் செல்லும் ஆறிலக்க எண் போகும். மூடிய டிக்கெட்டின் லிங்க் 30 நாளில் செத்துவிடும்.

மிச்சம் இருந்த ஓட்டை கணக்கர் வேலையை விட்டுப் போவது. பல ஆலைகளில் பதிவான மெயிலே கணக்கரின் சொந்த ஜிமெயில். இப்போது மெயில் மாற்றும் கோரிக்கை வந்தால், முதலாளியின் பழைய நம்பருக்கு நாங்களே போன் போட்டு உறுதி செய்கிறோம். பிறகு அந்த நிறுவனத்தின் எல்லா டோக்கன்களையும் அழித்து, திறந்திருக்கும் டிக்கெட்டுகளுக்கு மட்டும் புது லிங்க் அனுப்புகிறோம். அந்த போனை மட்டும் எங்களால் ஒழிக்க முடியவில்லை.