ஏழு ஆண்டு றைஸ் குக்கரும் அதன் தெர்மோஸ்டாட்டும்

கல்லடியில் எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகளாக ஒரே றைஸ் குக்கர்தான் ஓடுகிறது. ஒற்றைச் சுவிச்சைக் கீழே அழுத்தும் பழைய வகை. ஐந்தாம் ஆண்டில் ஒரு நாள் சோறு அடிப்பிடித்துக் கருகிய பின்னரும் சுவிச் மேலே எழும்பவில்லை.

சூட்டுத்தட்டின் நடுவில் வில்லின் மேல் நிற்கும் சிறு மூடிதான் தெர்மோஸ்டாட். அதற்குள் சட்டியோடு ஒட்டியிருக்கும் ஃபெரைட் துண்டை, சுவிச்சை அழுத்தும்போது கீழிருந்து ஒரு காந்தம் பற்றிக்கொள்கிறது. தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் அடி ஏறத்தாழ 100 பாகையிலேயே நிற்கும். தண்ணீர் வற்றிச் சூடு அதற்குச் சற்று மேலே ஏறியதும் ஃபெரைட் காந்தத் தன்மையை இழக்க, வில் காந்தத்தைக் கீழே தள்ளி, சுவிச்சை வோர்முக்கு மாற்றிவிடுகிறது.

பிளக்கைக் கழற்றி, சூடு ஆறவிட்டு, மூடியை விரலால் அமுக்கினேன். அது பாதியிலேயே நின்றுவிட்டது. ஓரத்தில் காய்ந்த கஞ்சியும் ஒரு சம்பா மணியும் இறுகிக் கிடந்தன. மூடி சட்டியைத் தொடாதபோது அதன் சூட்டை எப்படி அறியும்? ஈரத்துணியாலும் ஈர்க்காலும் துடைத்ததோடு அந்தக் கோளாறு தீர்ந்தது. துடைத்தும் தீராதிருந்தால், சுவிச்சின் முனைகள் உருகி ஒட்டியுள்ளனவா என்று பார்த்திருப்பேன். அதற்கு முனையிலிருந்து ஒரு வயரைக் கழற்றிவிட்டுத்தான் மீற்றர் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து இணைப்புகள் பொய்க் கணக்குக் காட்டும். வோர்ம் நிலையிலும் மீற்றர் சுழியம் காட்டினால் குற்றம் தெர்மோஸ்டாட்டில் இல்லை.

சில மாதங்களில் நேர்மாறான கோளாறு வந்தது. அரிசி வேகுமுன்னரே சுவிச் எழும்பி, குக்கர் வோர்மிலேயே நின்றது. அரிசியை வீணாக்காமல் இரண்டு சுண்டுத் தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்தேன். சட்டியில் இன்னும் தண்ணீர் இருக்கும்போதே சுவிச் எழும்பியதால் தெர்மோஸ்டாட் மீது ஐயம் உறுதியாயிற்று. அதைக் கழற்றி, காந்தத்தை ஃபெரைட்டோடு கையால் ஒட்டவைத்து, இடுக்கியால் பிடித்துக் கொதிநீரில் தலையை மட்டும் அமிழ்த்தினேன். சிறிது நேரத்தில் காந்தம் "டக்" என்று விட்டுவிட்டது. நல்ல தெர்மோஸ்டாட்டில் காந்தம் கொதிநீர்ச் சூட்டில் விடுபடக்கூடாது.

கடைக்குப் பழையதையும் எடுத்துச்சென்றது நல்லதாயிற்று, ஏனெனில் மூடியின் உயரமும் தண்டின் நீளமும் ஒவ்வொரு குக்கருக்கும் வேறுபடுகின்றன. புதியது கொதிநீரில் விடாமல் நின்றது. ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, கொதிநீரைவிடச் சூடான தேங்காயெண்ணெயில் வைத்ததும் விட்டது. துடைக்காமல் வைத்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும், கவனம். பொத்தான்களும் திரையும் உள்ள குக்கர்களில் காந்தத்துக்குப் பதிலாக மின்னுணரி இருப்பதால் இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது தண்ணீர் வற்றிய பின்னர்தான் சுவிச் எழும்புகிறது. வாரத்துக்கு ஒருமுறை மூடியை அமுக்கிப் பார்ப்பது மட்டும் என் வேலையாக இருக்கிறது.