அக்காவுக்கு ஒரு நினைவு, எனக்கு வேறொன்று: எதை எழுதுவது?

தன்வரலாறு எழுத உட்காரும் எவருக்கும் உடன்பிறந்தவர்களிடமிருந்து ஒருநாள் "அப்படி நடக்கவே இல்லை" என்ற பதில் வந்துதான் தீரும். அப்போது முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: என் நினைவை மட்டும் எழுதலாம், மற்றவர்கள் சொல்வதை அடிக்குறிப்பில் தரலாம், கதைக்குள்ளேயே அவர்களைப் பேசவிடலாம், அல்லது எல்லாவற்றையும் கலந்து ஒரே கதையாக்கலாம்.

கடைசி வழியை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். மூன்று பேரின் நினைவிலிருந்தும் ஒத்துவரும் துண்டுகளை எடுத்து ஒட்டினால், யாருமே பார்த்திராத ஒரு நிகழ்ச்சிதான் கிடைக்கும்.

மற்ற மூன்றையும் ஒரே சம்பவத்தில் வைத்துப் பார்ப்போம். எங்கள் வீட்டு நாயை வேறொருவருக்குக் கொடுத்த நாள் அது. அப்பா எங்களிடம் சொல்லாமலே அதை வண்டியில் ஏற்றினார் என்பது என் நினைவு. அப்பா அன்று ஊரிலேயே இல்லை, மாமாதான் கொண்டுபோனார், அம்மா முந்தைய இரவே எல்லோருக்கும் சொல்லியிருந்தார் என்கிறார் அக்கா. நாய் தன்னைக் கடித்ததால்தான் அது போக வேண்டியதாயிற்று என்கிறான் தம்பி. கடித்த விஷயமே எனக்குத் தெரியாது.

இதில் மூன்று வெவ்வேறு தகராறுகள் இருக்கின்றன. அப்பா ஊரில் இருந்தாரா என்பதைப் பழைய கடிதத்தில் உள்ள தேதியை வைத்துச் சரிபார்த்துவிடலாம். தம்பி சொல்வது நான் பார்க்காத ஒரு பகுதி, அதனால் என் நினைவோடு அது மோதவே இல்லை. முன்கூட்டிச் சொன்னார்களா என்பதுதான் உண்மையான சிக்கல், ஏனென்றால் அப்பா மீதான என் குற்றச்சாட்டு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

என் நினைவை மட்டும் எழுதும் வழி வேகமானது, குழந்தையின் பார்வை சிதறாமல் நிற்கும். நாயின் கழுத்துப்பட்டை என் கையிலேயே தங்கிவிட்டது போன்ற விவரங்களுக்கு இதுவே போதும். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவர்மீது பழி விழும் இடத்தில், மறுப்பு இருப்பது தெரிந்தும் அதை மறைத்துவிட்டு "என் உண்மை இது" என்று எழுதுவது நேர்மையாகாது.

அடிக்குறிப்பு வழியை அமெரிக்க எழுத்தாளர் டாரா வெஸ்டோவர் 2018-இல் வெளியான தன் தன்வரலாற்று நூலில் கையாண்டார். சகோதரர்களின் நினைவு மாறுபடும் இடங்களில் குறிப்பு தந்ததோடு, இரண்டு விபத்துகளைப் பற்றி நூலின் முடிவிலும் தனியாக எழுதினார். யார் அருகில் இருந்தார், எந்த வரிசையில் நடந்தது என்பது போன்ற உண்மைத் தகவல்களுக்கு இது மிகப் பொருத்தம், கதையும் தடைபடாது. பழிக்கு இது போதாது. குற்றச்சாட்டைப் பக்கத்தின் நடுவில் பெரிதாக எழுதிவிட்டு, மறுப்பை அடியில் சிறிய எழுத்தில் போடுவது சமமான இடம் ஆகாது.

அதனால் பழி சார்ந்த இடத்தில் என் தேர்வு மூன்றாவது வழிதான். நடைமுறையில் அது இப்படி வரும்: "அப்பா நாயை ஏற்றினார், நான் வாசலில் நின்றேன். ஏற்றியது மாமா என்கிறார் அக்கா. முந்தைய இரவு அம்மா சொன்னபோது நான் போர்வைக்குள் அழுததையும் அவர் நினைவில் வைத்திருக்கிறார். எனக்கு அந்த இரவே இல்லை." அக்காவின் பேச்சு வந்ததும் என் காட்சி பலவீனமாகவில்லை. நான் எதை மறந்தேன் என்பதும் கதையில் சேர்ந்துகொண்டது. இதை எல்லாக் காட்சியிலும் செய்தால் வாசகர் சலித்துப்போவார். ஒரு நூலில் ஓரிரு இடங்களுக்குத்தான் இது தாங்கும்.

அமெரிக்க எழுத்தாளர் மேரி மெக்கார்த்தி 1957-இல் வெளியிட்ட இளமை நினைவு நூல் இன்னும் தூரம் போகிறது. அத்தியாயங்களுக்குப் பின் சாய்வெழுத்தில் தன் கதையையே அவர் விசாரிக்கிறார். தம்பியின் தகரப் பட்டாம்பூச்சிப் பொம்மையைத் தன் தட்டினருகே ஒளித்துவைத்தது மாமாதான் என்று எழுதியவர், அந்த எண்ணம் கல்லூரி ஆசிரியை சொல்லி வந்ததாக இருக்குமோ என்று அங்கே சந்தேகிக்கிறார்.

எந்த வழியானாலும் கேட்கும் முறையில் கவனம் வேண்டும். முதலில் உங்கள் வடிவத்தை முழுமையாக எழுதி, தேதியிட்டு வைத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, "அந்த நாளை ஆரம்பத்திலிருந்து சொல்" என்று மட்டும் கேளுங்கள். "அப்பாதானே ஏற்றினார்?" என்று கேட்டால் பதில் உங்கள் நினைவின் எதிரொலியாகத்தான் வரும். கூட்டாக உட்கார்ந்து பேசினால் உறுதியாகப் பேசுபவரின் நினைவு மற்றவர்களுக்குத் தொற்றிக்கொள்ளும். இரட்டையர்களைப் பற்றி 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே சம்பவம் தனக்குத்தான் நடந்தது என்று இருவருமே நம்பிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஆகவே நீங்கள் பட்டதாக நினைக்கும் அடி அண்ணன் பட்டதாகவும் இருக்கலாம்.

உடன்பிறந்தவர் தன் பேச்சை எழுத வேண்டாம் என்று சொன்னால் மூன்றாவது வழி அடைபட்டுப்போகும். அப்போது அவர் சொன்னதை மறைமுகமாகவும் நுழைக்காமல், "வீட்டில் எல்லோரும் இந்த நாளை இப்படி நினைவுகூர்வதில்லை" என்ற ஒரு வரியைப் பழி வரும் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன்.