ஓர் எடைமேடை, மூன்று வரைவுகள்: எதைப் பதிவிடுவது?

வடசென்னையிலுள்ள மணலியில் எடைக் கணக்கில் சரக்கு ஏற்றி அனுப்பும் ஒரு யார்டில் ஆலோசகராக வேலை பார்த்து முடித்தபின், அதில் கிடைத்த ஒரே ஒரு பாடத்தை லிங்க்ட்இனில் எழுத நினைத்தேன். அதே பணி, அதே எண்கள். ஆனால் மூன்று விதமான வரைவுகள் வந்தன. மூன்றிலும் எண்களில் பொய் இல்லை. இருந்தும் ஒன்று தற்பெருமையாகவும், இன்னொன்று அதைவிட மோசமாகவும் ஒலித்தது. அது ஏன் என்பதைத்தான் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் நடந்தது. அந்த யார்டுக்கு ஒரு நாளில் சுமார் 45 லாரிகள் வரும். ஒவ்வொன்றும் காலியாக ஒருமுறையும் சரக்கு ஏற்றியபின் ஒருமுறையும் ஒரே எடைமேடையில் ஏற வேண்டும். வாசலில் வரிசை நீண்டு சாலைக்கு வந்துவிட்டதால், இரண்டாவது எடைமேடை போடலாமா என்று உரிமையாளர் என்னைக் கேட்டிருந்தார். நான் கேட் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் கணக்குப் போட்டேன். அதில் லாரி உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் மட்டுமே இருந்தன. இடையில் நேரம் எங்கே போகிறது என்பதற்கு அதில் இடமே இல்லை. ஒரு நாள் மேடை அறையின் நிழலில் நின்றுகொண்டிருந்தபோது, எடைமேடையை இயக்குபவர் சொன்னார்: “சார், எடை போட ஒரு நிமிஷம்தான். டிரைவர் ஆபீசுக்குப் போய் பில் வாங்கிட்டு வர்றதுதான் எட்டு நிமிஷம். அதுவரைக்கும் வண்டி மேடை மேலதான் நிக்கும்.”

அப்படி நிற்கச் சொல்லி ஒரு விதி இருந்தது. முன்பு ஒருமுறை எடையில் தகராறு வந்ததால், பில்லும் எடையும் ஒத்துப்போகும்வரை லாரி மேடையை விட்டு இறங்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். கணக்கு எளிது. காலி எடைக்கு 2 நிமிடம், ஏற்றிய எடைக்கு 9 நிமிடம், ஆக ஒரு லாரிக்கு 11 நிமிடம். 45 லாரிக்கு 495 நிமிடம். யார்டின் வேலை நேரமே ஒன்பது மணி, அதாவது 540 நிமிடம். மேடை ஏறக்குறைய நாள் முழுவதும் நிரம்பியே இருக்கும்போது, இரண்டு லாரிகள் சற்று முன்பின்னாக வந்தாலே வரிசை கட்டிவிடும். கட்டிய வரிசை கரைவதற்கு இடைவெளியும் கிடைக்காது. எடை, பில் போடும் அலுவலகத் திரையிலும் தெரியும்படி செய்து, லாரியை மேடைக்கு அப்பால் ஒதுக்கி நிறுத்திவிட்டு ஓட்டுநர் பில் வாங்கலாம் என்று உரிமையாளர் விதியை மாற்றினார். ஏற்றிய எடைக்கு 9 நிமிடம் என்பது 3 ஆனது. மேடையின் மொத்த வேலை 225 நிமிடத்துக்கு இறங்கியது. அடுத்த மூன்று வாரம் அளந்ததில், ஒரு லாரி யார்டுக்குள் இருக்கும் சராசரி நேரம் 170 நிமிடத்திலிருந்து 110 நிமிடமானது. இரண்டாவது எடைமேடை தேவைப்படவில்லை.

இனி வரைவுகள். முதல் வரைவு, முடிவை முன்னால் வைப்பது:

“மணலியில் ஒரு முன்னணி யார்டில் லாரிகளின் காத்திருப்பை 55 சதவீதம் குறைத்தோம். புதிய எடைமேடை வாங்காமலேயே. சரியான கேள்வியைக் கேட்டால் விடை கிடைக்கும். உங்கள் யார்டிலும் இது சாத்தியம்.”

இந்த வரைவில் 55 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 170 நிமிடத்தில் சரக்கு ஏற்றுவதற்கே 60 போகும். அதைக் கழித்தால் 110. அந்த 110 தான் 50 ஆனது; அது 55 சதவீதம். ஆனால் லாரிக்காரருக்கு 170 நிமிடம் 110 ஆனது. அது 35 சதவீதம். இரண்டும் சரியான கணக்கே. ஆனாலும் எதிலிருந்து எவ்வளவு என்று சொல்லாமல் பெரிய சதவீதத்தை மட்டும் எடுத்து வைக்கும்போது, துறை தெரிந்தவர் முதலில் கேட்கப்போவது “எதில் 55?” என்பதைத்தான், பதிவில் அதற்குப் பதில் இல்லாததால் எழுதியவர் மீதே சந்தேகம் விழும். இந்த வரைவை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். முன்மொழிவு கேட்டு வந்த வாடிக்கையாளரின் மேசையில் இதுபோன்ற ஒரு வரி வேண்டியதுதான். அவர் முடிவை அறியத்தான் உட்கார்ந்திருக்கிறார். பாடம் என்று சொல்லி எழுதும் பதிவிலோ, படித்தவர் கையில் எடுத்துப்போக இதில் எதுவும் இல்லை. “சரியான கேள்வி” எது என்பதைச் சொல்லாமலே பதிவு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது வரைவு, பணிவிலிருந்து தொடங்குவது:

“பல ஆண்டு அனுபவம். இரண்டு வாரத் தரவு. ஆனாலும் நான் தோற்றேன். ஓர் எடைமேடை இயக்குபவர் ஒரே வரியில் என் அகந்தையை உடைத்தார். அன்று புரிந்தது, கேட்பதுதான் தலைமை. இன்று அந்த யார்டில் காத்திருப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.”

எழுதும்போது மூன்றிலும் இதுவே எனக்கு இனித்தது. பின்னூட்டங்களும் இதற்குத்தான் அதிகம் வரும் என்று தோன்றியது. ஒரு நாள் விட்டுப் படித்தபோது உறுத்தியது. ‘தோற்றேன்’ என்பது உண்மையே அல்ல. தரவில் ஓர் இடைவெளி இருந்தது, அது நிரம்பியது, பணி நன்றாகவே முடிந்தது. தோல்வி என்ற சொல்லை நான் எடுத்தது கடைசி வரியின் வெற்றியை உயர்த்திக் காட்டுவதற்காக. அதைவிட என்னை வருத்தியது இன்னொன்று: எடைமேடை இயக்குபவர் கவனித்துச் சொன்ன அருமையான விஷயம், அதாவது மேடைமேல் லாரி ஏன் நிற்கிறது என்பது, இந்த வரைவில் எங்குமே இல்லை. என் மனமாற்றக் கதையில் அவர் ஒரு துணைப் பாத்திரமாகிவிட்டார். புலம்பல் அல்லது பணிவுப் போர்வையில் பெருமை பேசுவதை ஓவுல் செஸரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், அப்படிப் பேசுபவரை விட நேரடியாகப் பெருமை பேசுபவரையே மக்கள் கூடுதலாக விரும்புகிறார்கள் என்றும், போர்வை போர்த்துபவரின் நேர்மை மீது ஐயம் கொள்வதே அதற்குக் காரணம் என்றும் காட்டியிருக்கிறார்கள். என் முதல் வரைவு இரண்டாவதை விட மேல் என்று நான் முடிவுக்கு வந்ததும் அதே காரணத்தால்தான்.

மூன்றாவது வரைவு, கண்டதிலிருந்து தொடங்குவது:

“எடைமேடையில் ஒரு லாரியை எடை போட ஒரு நிமிடம் போதும். வடசென்னையில் ஒரு யார்டில், ஏற்றிய லாரி மேடைமேல் ஒன்பது நிமிடம் நின்றது. பில் கைக்கு வரும்வரை இறங்கக் கூடாது என்ற விதியே காரணம். கேட் பதிவேட்டை இரண்டு வாரம் பார்த்தும் இதை நான் காணவில்லை. உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் மட்டுமே அதில் இருந்தன. மேடையை இயக்குபவர் சொன்னார். உரிமையாளர் விதியை மாற்றினார். அடுத்த மூன்று வாரம் அளந்ததில், ஒரு லாரி யார்டில் இருக்கும் சராசரி நேரம் 170 நிமிடத்திலிருந்து 110 ஆனது. துறைமுகச் சாலை நெரிசலால் லாரிகள் ஒரே நேரத்தில் வந்து சேரும் நாட்களில் வரிசை இன்னும் நீள்கிறது. இன்னொரு எடைமேடை வாங்கும் முன், இருக்கும் மேடைமேல் ஒரு லாரி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று தனியாக அளந்து பாருங்கள்.”

இதில் நான் மிகவும் கவனம் வைத்தது வினைச்சொற்களில். நம் மொழியில் ‘நான்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் மட்டும் தன்முனைப்பு போய்விடாது. ‘குறைத்தோம்’, ‘கண்டறிந்தோம்’, ‘மாற்றிக் காட்டினேன்’ என்று வினையின் வாலிலேயே அது உட்கார்ந்திருக்கும். அதற்கு அஞ்சி ‘குறைந்தது’, ‘மாற்றப்பட்டது’ என்று முழுவதும் எழுதினாலும் இன்னொரு தவறு நேரும்: வேலை செய்தவரே மறைந்துபோவார், படிப்பவரோ எல்லாம் ஆலோசகர் செய்தது என்றே எடுத்துக்கொள்வார். ஆகவே ஒவ்வொரு வினைக்கும் அதைச் செய்தவர் யார் என்று கேட்டு அவரையே எழுவாயாக வைத்தேன். சொன்னவர் இயக்குபவர், மாற்றியவர் உரிமையாளர், காணத் தவறியது நான். ‘அளந்ததில்’ என்பதற்கு மட்டும் ஆள் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். யார் அளந்தாலும் அதே எண்தான் வரும்.

இரண்டாவது வரைவிலும் மூன்றாவதிலும் என் குறை இருக்கிறது. ஆனால் ஒன்றில் அது உணர்ச்சி, மற்றதில் அது தகவல். ‘அகந்தை உடைந்தது’ என்பதைப் படித்து இன்னொரு ஆலோசகர் எதுவும் செய்ய முடியாது. கேட் பதிவேட்டில் எந்த நேரம் இல்லை என்பதைப் படித்தால் நாளைக் காலையே தன் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம்.

நெரிசல் நாள் பற்றிய வரியைச் சேர்க்கத் தயங்கினேன். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் நகராமல் நின்று, வழி திறந்ததும் பத்துப் பதினைந்து லாரிகள் மொத்தமாக வந்து இறங்கினால், மேடை எவ்வளவு வேகமாக இயங்கினாலும் சிறிது நேரம் வரிசை நிற்கத்தான் செய்யும். இந்தப் பகுதியில் யார்டு நடத்துபவர் எவருக்கும் அது தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள். சொன்னபின் 170, 110 என்ற இரண்டு எண்களும் கூடுதல் எடை பெறுகின்றன.

இந்த வரைவுக்கும் குறை உண்டு. முதலாவதைவிட நீளம் அதிகம். பதிவு 3,000 எழுத்துகள் வரை போகலாம் என்பதால் இடம் பிரச்சினை இல்லை. ஆனால் பதிவுகள் வரிசையாக ஓடும் பக்கத்தில் முதல் இரண்டு மூன்று வரிகளே தெரியும், மீதியைத் தட்டித்தான் திறக்க வேண்டும். அதனால்தான் ஒரு நிமிடமும் ஒன்பது நிமிடமும் முதல் இரண்டு வாக்கியங்களில் அடுத்தடுத்து நிற்கின்றன. இடையில் உள்ள எட்டு நிமிடம் எங்கே போனது என்று அறிய விரும்புபவர் திறப்பார். லாரியும் எடைமேடையும் தன் வேலையில்லை என்பவர் கடந்துபோவார், அவருக்காக நான் எழுதவில்லை.

முதல் வரைவில் ‘மணலி’ என்றும் ‘முன்னணி’ என்றும் இருந்ததை ‘வடசென்னையில் ஒரு யார்டு’ என்று மாற்றியதற்கும் காரணம் உண்டு. எடைக் கணக்கில் சரக்கு ஏற்றும் யார்டுகளை மணலி வட்டாரத்தில் தொழில் செய்பவர்கள் பெயர் சொல்லாமலே அடையாளம் காண்பார்கள். என் வாடிக்கையாளரின் வாசலில் வரிசை நின்ற செய்தி அவருடைய போட்டியாளருக்குப் போக நான் காரணமாகக் கூடாது.

பதிவிடும் முன் மூன்றாவது வரைவை உரிமையாளருக்கும் இயக்குபவருக்கும் அனுப்பினேன். அப்போது அதில், அந்த விதி ஏன் வந்தது என்பதைச் சொல்லும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. எடைத் தகராறு ஒரு பழைய வாடிக்கையாளரோடு நடந்தது, அவர் இன்னும் நம்மிடம் வருகிறார், அதை எடுத்துவிடுங்கள் என்று உரிமையாளர் கேட்டார். எடுத்துவிட்டேன். இயக்குபவர் தன் பெயர் வேண்டாம், வேலை பெயர் இருந்தால் போதும் என்றார். பிறகு ஒரு திருத்தமும் சொன்னார்: “ஒன்பது நிமிஷம்னு போட்டிருக்கீங்க, சார். அது சராசரி. மதியச் சாப்பாட்டு நேரத்துல பதினைஞ்சுகூட ஆகும்.” ‘சராசரியாக ஒன்பது நிமிடம்’ என்று மாற்றிப் பதிவிட்டேன்.