தமிழ் வாசிக்கும் கணினிக்கு உச்சரிப்பு அகராதியா, எழுத்து விதியா?

எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் எதுவானாலும், குரல் எழுப்புவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: இந்தச் சொல்லில் என்னென்ன ஒலிகள், எந்த வரிசையில்? அதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. சொல்லுக்குச் சொல் ஒலிகளை எழுதிவைத்த அகராதி ஒன்று. எழுத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் பார்த்து ஒலியை முடிவுசெய்யும் விதித்தொகுப்பு மற்றது. கொழும்பில் வெளியாகும் தமிழ்ச் செய்திகளை வாசிக்க வைப்பதற்கு நாங்கள் விதிகளையே அடித்தளமாக எடுத்தோம், ஒரு சிறிய விலக்குப் பட்டியலோடு. அதே முடிவை இன்றும் பரிந்துரைப்பேன்.

ஆங்கிலத்தில் நிலைமை தலைகீழ். tough, though, through மூன்றிலும் ough ஒன்றுதான், ஒலி மூன்று. அங்கே அகராதிதான் முதல். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதியில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. விதிகளை மட்டும் நம்பிய முயற்சியும் நடந்தது: 1976இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடம் ஆங்கிலத்துக்கு 329 விதிகளை வெளியிட்டது. சாதாரண உரையில் சுமார் 90 வீதச் சொற்கள் அவற்றால் சரியாக வந்தன. பத்துச் சொல் வாக்கியத்தில் சராசரியாக ஒரு சொல் பிழை என்றால், கேட்பவருக்கு அது பெரிய தொல்லை. ஆங்கிலத்தைப் பற்றி இதற்கு மேல் வாதிட ஒன்றுமில்லை. தமிழ் உரைக்குள் ரோமன் எழுத்தில் வரும் ஆங்கிலச் சொற்களை அந்த அகராதியிடமே விட்டுவிடலாம்.

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இடத்தைப் பொறுத்தது. க எழுத்தையே பாருங்கள். சொல்லின் முதலில் 'கடல்' போல வல்லொலி. இரட்டித்தால் 'பக்கம்' போல அழுத்தமான வல்லொலி. ங், ண், ன் ஆகியவற்றின் பின் 'தங்கம்', 'பெண்கள்' போல ஆங்கில g போன்ற அதிர்வுள்ள ஒலி. ட், ற் என்பவற்றின் பின் 'கற்க' போல மீண்டும் வல்லொலி. இரு உயிர்களுக்கு நடுவிலும், 'அவர்கள்' போல ர், ல், ள் பின்னும் வரும்போது ஹகரத்துக்குக் கிட்டிய மெல்லிய ஒலி. மற்ற வல்லினங்களுக்கும் இப்படியே சில வரிகள். குறுகிய வரையறை கொண்ட விதியை மேலே வைத்து, பொதுவானதைக் கீழே விட்டால் போதும். வரிசை மாறினால் 'பக்கம்' என்ற சொல்லின் இரண்டாவது க மெலிந்து ஒலிக்கும். பிழை அங்கேதான் முதலில் காதில் விழும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஆரம்ப உழைப்பு இல்லை, பராமரிப்பு. 'பம்பலப்பிட்டி' என்ற ஒரே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பெயர், அதோடு ஐ, ஆல், உக்கு, இல், இலிருந்து, இன், உடைய, ஓடு என்று எட்டு வடிவங்கள், ஆக ஒன்பது. ஒவ்வொன்றும் தனியாகவும் வரும், உம், ஏ, ஓ சேர்ந்தும் வரும். ஒன்பதை நான்கால் பெருக்கினால் 36. இதில் 'தான்', 'கூட' சேர்க்கவில்லை, பன்மையைத் தொடவில்லை. 20,000 பெயர்ச்சொற்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 7 இலட்சத்து 20 ஆயிரம் பதிவுகள் ஆகின்றன. வினைச்சொற்கள் இதைவிட அதிகமாகக் கிளைக்கும். சொல் வடிவங்களை முழுமையாக அடக்கும் அகராதி தமிழுக்குக் கட்டுப்படியாகாது.

கட்டிவிட்டாலும் சிக்கல் முடியாது. பலர் சேர்ந்து உருவாக்கும் அகராதியில் ஒருவர் 'அவர்கள்' என்பதன் க இடத்தில் ஹ ஒலியைப் போடுவார். அடுத்தவர் 'அவர்களுக்கு' என்பதில் அதிர்வுள்ள க ஒலியைப் போடுவார். ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் இரண்டு விதமாக ஒலிக்கும். பிறகு ழகரத்தைப் பேச்சில் உள்ளபடி ளகரமாக வாசிப்பதா, செய்தி வாசிப்பாளர் போல ழகரமாகவே வைப்பதா என்ற முடிவு மாறினால், அகராதியில் ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திருத்த வேண்டும். விதிக் கோப்பில் அது ஒரு வரி.

ஆனால் விதி மட்டும் போதும் என்று சொன்னால் கொழும்பின் பெயர்ப்பலகைகளே மறுப்புச் சொல்லும். 'கம்பஹா' என்ற பெயரில் விதியும் உண்மையும் மோதுவதைப் பாருங்கள்:

```
விதி தருவது:   k a m b a h aa
இருக்கவேண்டியது: g a m p a h aa
```

சொல்முதல் க வல்லொலி என்ற விதியும், ம் பின் வரும் ப அதிர வேண்டும் என்ற விதியும் இரண்டுமே தமிழுக்குச் சரி, இந்தச் சிங்களப் பெயருக்குப் பிழை. அதிர்வு இடம் மாறிவிட்டது. பொரளை, பம்பலப்பிட்டி, தெஹிவளை ஆகியவற்றிலும் முதல் எழுத்து அதிர்வோடு ஒலிக்க வேண்டும், எழுத்தில் அதற்குத் தடயம் இல்லை. பயம், பலம், குரு போன்ற வடசொற்களும் இந்த வகைதான். இவை பட்டியலுக்குப் போக வேண்டியவை.

இலங்கைத் தமிழ் ஆங்கிலச் சொற்களை எழுதும் முறை இன்னும் சுவையானது. 'ரயர்' என்று எழுதி டகரத்தோடு வாசிக்கிறோம். 'ரயில்' என்று எழுதி ரகரத்தோடு வாசிக்கிறோம். முதல் இரண்டு எழுத்தும் ஒன்று. எந்த விதியாலும் இதைப் பிரிக்க முடியாது. ஆனால் 'மார்க்கெற்', 'இன்ரநெற்' போன்ற சொற்களின் கடைசி ற் விதிக்குள் அடங்கும், ஏனென்றால் தமிழ்ச் சொல் எதுவும் ற் என்று முடிவதில்லை. சொல்லிறுதி ற் வந்தால் வல்லொலி என்று ஒரு வரி எழுதினால் அத்தனை சொற்களும் சரியாகிவிடும். 'ரிக்கெற்றில்' என்று வேற்றுமை ஏறும்போது, ஏற்கெனவே இருக்கும் ற்ற விதியே அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும். முதல் எழுத்துக்கு மட்டும் பட்டியல் வேண்டும்.

'ன்ர' என்ற சேர்க்கையில் கவனம் தேவை. 'கவுன்ரர்', 'சென்ரர்' போன்றவற்றில் அது வல்லொலி. அதை விதியாக்கியதும் பேச்சுநடையில் எழுதிய 'என்ர', 'தம்பியின்ர' எல்லாம் கெட்டுப்போகும். சொல் 'ன்ர' அல்லது 'ன்ரை' என்று முடிந்தால் ரகரமாகவே விடு, நடுவில் வந்தால் வல்லொலியாக்கு என்று இரண்டாகப் பிரித்தால் இரு வகையும் பிழைக்கும். 'ரொறன்ரோ' ஓகாரத்தில் முடிவதால் இந்த விலக்கில் மாட்டாது.

விலக்குப் பட்டியலை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பராமரிப்புச் செலவு மறுபடி தலைகாட்டும். முழுச்சொற்களை எழுதினால் மேலே சொன்ன 36 வடிவங்களுக்குத் திரும்பிவிடுவோம். ஆகவே அடிச்சொல்லை மட்டும் எழுதி, மீதியை விதியிடம் கொடுக்க வேண்டும்:

```
for adi in longest_first(pattiyal):
    if sol.startswith(adi):
        meethi = sol[len(adi):]
        if meethi == "" or meethi in vikuthigal:
            return pattiyal[adi] + vithi(meethi)
return vithi(sol)
```

மீதி எழுத்துகள் விகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்ற சோதனையை விட்டுவிடக் கூடாது. மதுச்சாலையைக் குறிக்கும் 'பார்' பட்டியலில் ஏறியதும், அந்தச் சோதனை இல்லாவிட்டால் 'பார்த்தான்', 'பார்வை' எல்லாம் அதிர்வோடு தொடங்கும். 'பார்' தனியே வந்தால் வினையா பெயரா என்று இந்த முறைக்குத் தெரியாது. அந்த வெறும் வடிவத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டு, வினையாகவே வாசிக்க விடுவது மேல், ஏனென்றால் செய்தியிலும் பேச்சிலும் வினைதான் அதிகம்.

இன்னொரு இடறல் யூனிகோடில் இருக்கிறது. 'பார்' என்பதில் ர எழுத்துக்குப் பின் புள்ளி தனிக் குறியாக நிற்கிறது. 'பாரில்' என்று ஆகும்போது அந்தப் புள்ளி போய் இகரக் குறி வந்துவிடும். ஆகவே 'பாரில்' என்ற சொல் 'பார்' என்று தொடங்குவதாகக் கணினி ஏற்காது. மெய்யில் முடியும் அடிச்சொற்களைப் புள்ளி இல்லாமல் சேமித்து, விகுதிகளை உயிர்க்குறியோடு எழுதிவைக்க வேண்டும். அதேபோல 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலில் தெரியும். ஒரே பெயர் ஒரு செய்தியில் சரியாகவும் இன்னொன்றில் பிழையாகவும் வாசிக்கப்பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். உரை உள்ளே வரும்போதே, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் NFC என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இதைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு, எழுத்தைப் பேச்சாக்கும் திறந்த மூல மென்பொருளான ஈஸ்பீக் என்ஜி நல்ல இடம். தமிழுக்கான விதிகள் ta_rules கோப்பிலும், விலக்குகள் ta_list கோப்பிலும் இருக்கின்றன. எந்த விதி எந்த எழுத்தைப் பிடித்தது என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
espeak-ng -v ta -q -X "கம்பஹா"
```

ஒரு விதியைத் திருத்தினால் எங்கோ ஒரு சொல் உடையும், அதற்குத் தப்ப முடியாது. சரியான ஒலிகளோடு சில நூறு சொற்களை ஒரு கோப்பில் வைத்து, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் முழுவதையும் ஓட்டி, மாறிய வரிகளை மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும். கைவசம் பழைய உச்சரிப்பு அகராதி இருந்தால் அதைத் தூக்கியெறியத் தேவையில்லை. விதிகளை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். ஒத்துப்போகும் பதிவுகளை நீக்கிவிடலாம். ஒத்துப்போகாதவை மூன்று வகையில் விழும்: உண்மையான விலக்கு, விதியின் குறை, அகராதி எழுதியவரின் பிழை. முதல் வகை மட்டுமே பட்டியலில் தங்க வேண்டும்.

அகராதிக்கு ஒரு நன்மையை விட்டுக்கொடுக்கிறேன். அதை யாரும் திருத்தலாம். ஒரு பெயர் பிழையாக ஒலிக்கிறது என்று கேட்ட எவரும் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போகலாம். விதிக் கோப்பைத் தொட, விதிகளின் வரிசையைப் புரிந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காத இடத்தில் விதிகளை அப்படியே பூட்டிவைத்து, அடிச்சொல் பட்டியலை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். மட்டக்களப்பு, மலையகப் பேச்சுவழக்குகளை எழுதியபடி வாசிக்க வைப்பதானால் இதே விதிகள் எவ்வளவு தூரம் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. மேலே சொன்னதெல்லாம் செய்தித்தாள் எழுத்துநடையையும் கொழும்புப் பெயர்களையும் வைத்துத்தான்.